காசி யாத்திரையும் கைப்பையில் உப்புநீரும்

காசிக்குச் செல்ல வேண்டும் என்பது தமிழ்க் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவரும் ஆசை. இராமேசுவரத்தில் மணல் எடுத்து, பிரயாகையில் அதைக் கரைத்து, காசியில் விசுவநாதரையும் விசாலாட்சியையும் அன்னபூரணியையும் தரிசித்து, கயையில் முன்னோர்க்குப் பிண்டம் இட்டு, கங்கைச் சொம்புடன் திரும்பும் வரை, வீட்டுப் பெரியவர்களின் மனம் முழுவதும் அந்த யாத்திரையிலேயே இருக்கும். புறப்படுவதற்கு முன் சங்கல்பத்துக்கு வேண்டிய வேட்டி முதல் குளிருக்கு வேண்டிய கம்பளி வரை எல்லாம் எண்ணி எண்ணி எடுத்து வைக்கப்படும். ஆனால் யாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடிய ஒரு தொல்லையை மட்டும் பலர் எண்ணுவதில்லை. அது வயிற்றுப்போக்கு.

அறையில் படுத்தபடியே ஒரு நாள் கழிவது பெரிய இழப்பன்று. அறுபது, எழுபது வயதில் உள்ள ஒருவர் கூச்சத்தால் அதை யாரிடமும் சொல்லாமல், “எதையும் குடிக்காமல் இருந்தால் நின்றுவிடும்” என்று நீரையும் நிறுத்திக்கொண்டு மறுநாள் வேனில் ஏறி அமர்வதே உண்மையான ஆபத்து. யாத்திரையில் வயிற்றுப்போக்கு கண்டவர்களில் மருத்துவமனை வரை செல்பவர்கள் பெரும்பாலும் நோயின் கடுமையால் அன்றி, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யாமையாலேயே அங்குச் செல்கின்றனர்.

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதன் பொருள்

வெளியூரில் வயிறு கெட்டால், “அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்வது வழக்கம். நீரின் சுவையோ கடினத்தன்மையோ மாறுவதால் இத்துன்பம் வருவதில்லை. மனிதக் கழிவிலிருந்து நீர், கை, ஈ, பாத்திரம் ஆகியவற்றின் வழியே உணவில் சேரும் நுண்கிருமிகளே காரணம். பெரும்பாலும் அவை பாக்டீரியாக்கள். சில சமயம் வைரசுகள். அரிதாக ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள். ஓர் ஊரில் வாழ்பவர்களின் குடலுக்கு அவ்வூர்க் கிருமிகளுடன் நெடுநாள் பழக்கம் உண்டு. புதிதாக வருபவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகையால் கடைக்காரர் அன்றாடம் உண்ணும் அதே சட்டினி, யாத்திரிகரைப் படுக்கையில் தள்ளிவிடுகிறது.

தொல்லை தொடங்கும் நேரமும் ஓரளவு காரணத்தைச் சொல்லும். உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் கடும் வாந்தி வந்தால், கெட்டுப்போன உணவில் முன்பே உருவாகியிருந்த நஞ்சாக இருக்கலாம். பாக்டீரியாவால் வரும் போக்கு பெரும்பாலும் அரை நாள் முதல் மூன்று நாளில் தோன்றும். ஆதலால் இன்று இரவு வயிறு கெட்டால், இன்று மதியம் உண்டதை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. முந்தாநாள் மாலைப் படித்துறையில் அருந்திய லஸ்ஸியும் காரணமாக இருக்கலாம்.

ரயிலில் கட்டுச்சோறு

தமிழகத்திலிருந்து காசி வரை ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம். கட்டுச்சோற்றுக்குப் பெரியவர்கள் புளியோதரையைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல அறிவு இருக்கிறது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு கிருமியின் வித்துகள் கொதிநீரில் வெந்தாலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் மறையாது. புளியின் புளிப்பு இக்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆகவே நன்றாகப் புளிக்காய்ச்சல் ஏறி, எண்ணெய் பிரண்டு, ஆறவிட்டுக் கட்டிய புளியோதரை முதல் நாளுக்கு ஏற்றது.

தேங்காய்ச் சாதமும் தேங்காய்ச் சட்டினியும் அவ்வாறல்ல. அவை கோடை வெயிலில் சில மணி நேரத்திலேயே கெடும். தயிர்சாதம் எடுத்துச் சென்றால் முதல் வேளையிலேயே முடித்துவிட வேண்டும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, எண்ணெய் விட்டு இட்ட சப்பாத்தி, புளிக்காய்ச்சல் ஆகியவை முதல் நாளுக்கும், முறுக்கு, பொரிவிளங்காய் உருண்டை, அவல், வறுகடலை ஆகியவை இரண்டாம் நாளுக்கும் போதும். சூடாக இருக்கும் சோற்றை மூடிக் கட்டக்கூடாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்ட பின்னரே கட்ட வேண்டும். உண்ணும்போது கையை நேரே கட்டுக்குள் விடாமல் கரண்டியால் எடுத்துப் பரிமாற வேண்டும்.

கைகளுக்குச் சோப்பும் நீரும் முதன்மை. கைக்குத் தடவும் சாராயக் களிம்பு பயன்படும். ஆயினும் வாந்தி-போக்கு பரப்பும் சில வைரசுகளை அது நன்றாகக் கொல்வதில்லை. ஆகவே ஒரு சிறு சோப்பைப் பெட்டியில் இட்டு எப்போதும் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

காசிக் கடைவீதியில்

கடையில் எதை உண்ணலாம் என்பதற்கு ஒரு பொது விதி உண்டு. கண்முன் கொதித்தது, பொரிந்தது, ஆவி பறக்கத் தட்டில் விழுந்தது ஆகியவை பெரும்பாலும் பாதுகாப்பானவை. காலையில் எண்ணெயிலிருந்து எடுத்த கச்சோரியும் கொதிக்கும் சப்ஜியும், சூடான ஜிலேபியும், இரவில் கடாயில் கொதிக்கும் பாலும், அடுப்பில் பொங்கும் மசாலாத் தேநீரும் இவ்வகையின. கச்சோரியோடு வரும் பச்சைச் சட்டினி அவ்வகையைச் சேர்ந்ததன்று. பச்சைக் கொத்துமல்லி, குழாய் நீர், கை ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. கச்சோரியை உண்டு சட்டினியை விட்டுவிடுவதே நல்லது.

பனிக்கட்டி இட்ட லஸ்ஸி, தண்டாய், கரும்புச் சாறு, கோல்கப்பாவில் ஊற்றும் புளிநீர், நறுக்கி வைத்த பழம் ஆகியவை தவிர்க்க வேண்டியவை. மண் குல்லடில் தருவதால் பாத்திரம் புதியதாயினும், உள்ளே இடும் பனிக்கட்டி எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. பழம் உண்ண விரும்புபவர்கள் வாழைப்பழமும் ஆரஞ்சும் வாங்கித் தாமே உரித்து உண்ணலாம். அனுமான் காட் பகுதியில் தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும். அங்கும் பந்தியின் முதல் வரிசையில் சூடாக அமர்வது, ஆறிய கடைசிப் பந்தியில் அமர்வதினும் மேல்.

நீருக்கு மூடி உடைக்கப்படாத பாட்டில், அல்லது தாமே கொதிக்க வைத்த நீர். பாட்டிலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, மூடியின் வளையம் அறுபடும் ஓசை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ரயிலில் ‘ரயில் நீர்’ கிடைக்கும். விடுதியில் மின்கெண்டி இருந்தால், நீர் குமிழியிட்டுக் கொதித்த பின் ஒரு நிமிடம் போதும். பத்ரிநாத், கேதார்நாத் போன்ற மலைத்தலங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். பல் துலக்கவும் அந்நீரையே பயன்படுத்த வேண்டும். பலர் குடிநீரில் கவனமாக இருந்துவிட்டுப் பல் துலக்கும்போது குழாய் நீரால் வாய் கொப்பளிக்கின்றனர்.

தீர்த்தத்தைப் பற்றி

பக்தர்களுக்கு மனச்சங்கடம் தரும் கேள்வி இது. கங்கையில் நீராடாமல் காசி யாத்திரை இல்லை. கங்கையைப் பருகாமல் வருவதும் சிலருக்கு மனம் ஒப்பாத செயல். இதில் தெளிவு வேண்டும். ஆற்று நீரைக் குளிப்பதற்கு ஏற்றது என்று சொல்லும் அரசு அளவுகோல் வேறு, குடிப்பதற்கு ஏற்றது என்னும் அளவுகோல் வேறு. குளிக்கும் நீரில் கழிவுக் கிருமிகள் ஓரளவு இருப்பதை அந்த அளவுகோல் ஏற்கிறது. குடிநீரிலோ 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருத்தல் ஆகாது. ஆகவே குளிப்பதற்கு நல்லது என்று சொன்ன நீரைக் குடிக்கவும் நல்லது என்று கொள்வது பிழை.

மூன்று முறை முழுகும்போது வாயை இறுக மூடிக்கொள்வதும், பின் வெளியில் வந்து பாட்டில் நீரால் வாய் கொப்பளிப்பதும் எளிய காப்பு. ஆசமனத்துக்கு உள்ளங்கையில் ஓர் உளுந்து மூழ்கும் அளவு நீரே போதும் என்று மரபு சொல்கிறது. அவ்வளவு சிறு அளவும் கிருமியற்றது என்று சொல்ல இயலாது. ஆயினும் வாய் நிறைய அருந்துவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. படித்துறையில் ஆசமனத்துக்கெனப் பாட்டில் நீரையே பஞ்சபாத்திரத்தில் வைத்துக்கொள்பவர்களும் உளர். குழந்தைகளும், கர்ப்பிணிகளும், முதியோரும், சர்க்கரை நோய் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களும் கங்கையைக் கண்களில் ஒற்றி, தலையில் தெளித்துக்கொண்டு நிறைவடையலாம். புரோட்சணமும் தீர்த்தம் கொள்ளும் முறையே.

உப்புநீரின் கதை

வயிற்றுப்போக்கு தொடங்கிய பின் செய்ய வேண்டிய முதல் காரியம் நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பது. போக்கு மிகுந்திருக்கும்போதும் குடலின் ஒரு கதவு மட்டும் மூடுவதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடற்சுவர் இரண்டையும் ஒன்றாக உள்ளிழுக்கும். நீரும் அவற்றைத் தொடர்ந்து உள்ளே செல்லும். வெறும் நீர் குடித்தால் அந்த அளவுக்கு உறிஞ்சப்படுவதில்லை. இந்த உண்மையின் மேல் எழுந்ததே ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசல்.

1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரப் பனகாவ் ஊரில் அகதிகள் இடையே காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலநாபிஸ் குளுக்கோசும் உப்பும் சோடா உப்பும் கலந்த கரைசலைப் பெரிய கலங்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கைகளாலேயே வாய்வழி புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதை எட்டியிருந்த இறப்பு, அங்கே நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. அவர் காட்டிய வழியில், பயிற்சி இல்லாத ஒரு தாயோ மகனோ கூட, ஒரு குவளையையும் கரண்டியையும் கொண்டு உயிரைக் காக்க முடிகிறது.

ஒரு நள்ளிரவு

காசியில் ஒரு விடுதியில் தங்கியுள்ள குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அறுபத்தெட்டு வயதுத் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், நான்கு வயதுப் பேத்தி. மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கயைக்கு வேன் ஏற்பாடாகியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்குத் தாத்தாவுக்கு நீராகப் பேதியாகிறது. அரை மணி கழித்து மீண்டும். விளக்கைப் போடாமல் வந்து படுத்துக்கொள்கிறார். பாட்டிதான் மகனை எழுப்புகிறார்.

மகன் பையிலிருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுக்கிறார். அதில் “1 லிட்டர் நீரில் கரைக்கவும்” என்று அச்சிட்டிருக்கிறது. இங்கேதான் பெரும் பிழை நேர்கிறது. பொட்டலம் முழுவதையும் ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அத்தனை உப்பு ஒரே தம்ளரில் சென்றால் குடல் உடலிலிருந்து நீரை இன்னும் இழுக்கும். குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. அதே போலப் பொட்டலத்தில் பாதியை ஒரு லிட்டரில் இட்டால் உப்பு போதாது. ஆகையால் புதிய ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் நீரைக் குறைத்து, பொட்டலம் முழுவதையும் அதிலேயே கொட்டி, மூடிக் குலுக்க வேண்டும். 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலமாயின் ஒரு தம்ளருக்கு ஒன்று. கரைத்த நீரின் சுவை கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

தாத்தாவுக்கு ஒவ்வொரு முறை போன பின்னும் 200 முதல் 400 மில்லிலிட்டர் வரை, அதாவது ஒன்று அல்லது இரண்டு தம்ளர், சிறு மிடறுகளாகக் கொடுக்க வேண்டும். முதல் தம்ளரை அவர் வாந்தி எடுக்கிறார். மகன் கலங்கவில்லை. பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் தொடங்குகிறார். அரை மணி நேரத்தில் அது தங்குகிறது. காலை ஒன்பது மணிக்குள் ஆறு முறை போயிருக்கிறார். ஒன்றரை லிட்டர் கரைசல் உள்ளே சென்றிருக்கிறது.

இதற்கிடையில் பேத்திக்கும் வயிறு இளகுகிறது. அவளுக்கு ஒவ்வொரு போக்குக்கும் 100 முதல் 200 மில்லிலிட்டர், கரண்டியால். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின் 50 முதல் 100 போதும். தாய்ப்பால் தொடர வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையும் சேர்க்கப்படும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்க்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், பத்து முதல் பதினான்கு நாள். போக்கு நின்றதும் அதை நிறுத்திவிடக் கூடாது.

பட்டினி போடுவது பழைய பழக்கம். அது குடல் ஆறுவதைத் தாமதப்படுத்தும். பசி வந்தவுடன் அரிசிக் கஞ்சி, இட்லி, பாசிப்பருப்புக் கிச்சடி, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, புதிய மோர் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகத் தரலாம். எண்ணெய்ப் பலகாரமும் அதிக இனிப்பும் அன்றைக்கு வேண்டா. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ்.-க்கு ஈடாகாது, மிகுந்த சர்க்கரை போக்கைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்கு ஒவ்வாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்று 2025-இல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு, பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்றிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பொட்டலமே கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியின் விளிம்பு மட்டத்துக்குத் தட்டி அளந்து, கலந்துகொள்ளலாம்.

நண்பகலில் தாத்தாவுக்கு வெளிர்நிறச் சிறுநீர் தாராளமாகப் பிரிகிறது. எழுந்து நிற்கையில் தலை சுற்றவில்லை. இழந்தது ஈடாகிவிட்டது என்பதற்கு வீட்டார் கண்டறியக்கூடிய அடையாளங்கள் இவையே.

விரதமும் பயணமும்

தாத்தா இரண்டு காரணங்களால் தயங்கினார். பிண்டம் இடும் நாளில் கர்த்தா உபவாசம் இருக்க வேண்டுமே, கரைசல் குடிக்கலாமா என்பது ஒன்று. நீர், பால், பழம், மருந்து ஆகியவை விரதத்தைக் கெடுப்பதில்லை என்பது தரும சாத்திர மரபு. நோயுற்றவர் கரைசல் அருந்துவது நீரும் மருந்துமாகிய இரண்டிலும் அடங்கும். தயக்கம் நீங்காவிடில் உடன் வரும் சாஸ்திரிகளையே கேட்டுக்கொள்ளலாம்.

குறித்த நாள் தவறிவிடுமே என்பது மற்றொன்று. கயையில் எக்காலத்தும் பிண்டம் இடலாம், அங்கே திதி நியமம் தடையாகாது என்பது புராண மரபு. காசியிலிருந்து கயை 250 கிலோமீட்டருக்குக் குறையாத சாலைப் பயணம். பேதியோடு அதில் செல்பவர், வழியில் கழிவறைக்கு அஞ்சி நீர் அருந்தாமல் இருப்பார்; கயையில் வெயிலில் அமர்ந்து கர்மா செய்வார். மயக்கம் அங்கேதான் நேரும். பயணத்தை ஒரு நாள் தள்ளிவைப்பதே சரி. இதற்காகவே திட்டமிடும்போது காசியில் ஓர் உபரி நாளை ஒதுக்கி வைப்பது நல்லது.

மாத்திரைகளின் எல்லை

போக்கு கண்டவுடன் மருந்துக் கடையில் ஆண்டிபயாடிக் வாங்கி விழுங்குவது பரவலான பழக்கம். பெரும்பாலான போக்கு இரண்டு மூன்று நாளில் தானே தணியும். வைரசால் வந்ததற்கு அம்மருந்து பயன் தராது. நெடுங்காலமாகப் பலர் விழுங்கிவந்த சில மருந்துகளுக்கு நம் நாட்டுக் கிருமிகள் கட்டுப்படுவதும் குறைந்துவிட்டது. காய்ச்சலுடனோ இரத்தத்துடனோ வரும் கடும் போக்குக்கு எதைக் கொடுப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை குடலின் ஓட்டத்தை மட்டுமே நிறுத்துகிறது, கிருமியைக் கொல்வதில்லை. தவிர்க்க இயலாத பயணத்தில் பெரியவர்கள், மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்த அளவில் அதைப் பயன்படுத்தலாம். காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ சீதமோ இருந்தால் கூடாது. குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளில் சில, குறிப்பாகச் சிறுநீர் பிரிக்கும் வகை, உடலில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தை வருத்தும். சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளும் அத்தகையன. அவற்றைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு, எண்ணாமல் தொடர்வதும் தவறு. “பேதியானால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?” என்று புறப்படுவதற்கு முன் குடும்ப மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இதய, சிறுநீரக நோயாளர் எவ்வளவு கரைசல் அருந்தலாம் என்பதையும் அத்தாளிலேயே குறித்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளர் கரைசலில் உள்ள இனிப்புக்கு அஞ்சி அதை மறுத்துவிடக் கூடாது. ஒரு லிட்டரில் இருப்பது ஏறத்தாழ 13 கிராம் குளுக்கோஸ் மட்டுமே. கருவியால் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு அருந்தலாம்.

கீழ்க்காணும் குறி எதுவும் கண்டால் அறையில் காத்திருத்தல் ஆகாது. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், அரிசி களைந்த நீர்போலத் தொடர்ந்து போதல், கரண்டி அளவும் தங்காத வாந்தி, ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை, கண் குழிதல், குழந்தை அழுதும் கண்ணீர் வராமை, சோர்ந்து உறங்கிக்கொண்டே இருத்தல், பேச்சில் குழப்பம். பெரியவர்களுக்கு இரண்டு நாளிலும் குறையாத போக்கும் இதில் சேரும். ரயிலில் இருந்தால் 139, தரையில் இருந்தால் 108 என்ற எண்ணை அழைத்து, வழியெல்லாம் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்ல வேண்டும்.

பையில் வைக்க வேண்டியவை

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சிறு துணிப்பை போதும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பத்து, 200 மில்லிலிட்டர் பொட்டலங்கள் சில, ஒரு தேக்கரண்டி, அளவுக் கோடிட்ட குவளை, குழந்தை இருந்தால் துத்தநாக மாத்திரை, வெப்பமானி, சோப்பும் கைக்களிம்பும், அன்றாட மாத்திரைகள் யாத்திரை நாள்களைவிட ஐந்து நாளுக்கு மிகுதியாக, மருத்துவர் எழுதிய தாள், முதியோருக்கு மாற்றுடையும் பழைய துணியும். இப்பை சரக்குப் பெட்டியில் இருந்தால் பயன் இல்லை. ரயிலிலும் வேனிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பையை யார் வைத்திருக்கிறார், இரவில் யாரை எழுப்ப வேண்டும் என்பதை முதல் நாளே பெரியவர்களிடம் சொல்லிவிடுவது அவர்களின் கூச்சத்தைப் பெரிதும் நீக்கும்.

வீடு திரும்பிய பின்

யாத்திரை முடிந்து சில நாளில் கங்கா சமாராதனை நடக்கும். அடைத்துக் கொண்டுவந்த சொம்பு பூசையில் திறக்கப்படும். அத்தீர்த்தத்தையும் புரோட்சணத்துக்கும் அபிஷேகத்துக்கும் கொள்வதே ஏற்றது. வந்திருக்கும் சிறு குழந்தைகளுக்குத் தலையில் தெளித்தால் போதும். யாத்திரை சென்றவர்களில் எவருக்கேனும் இரண்டு வாரம் கடந்தும் வயிறு இளகியே இருந்தாலோ, உப்புசமும் நாற்றமுள்ள மலமும் உடல் மெலிவும் கண்டாலோ, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி தங்கியிருக்கக்கூடும். மலப் பரிசோதனை செய்து உரிய மருந்து எடுத்துக்கொண்டால் அது தீரும். மருத்துவரிடம் செல்லும்போது, காசிக்குப் போய்வந்த நாளையும் அங்கே தங்கிய நாள்களையும் முதலில் சொல்லிவிட வேண்டும்.